வீட்டை விடுகிறோம் என்று சொல்வது எப்படி? வற்றாப்பளையில் ஒரு வாடகை வீட்டுக் கணக்கு

"அண்ணை, எப்படிச் சுகம்? வேலை விஷயமா வவுனியாப் பக்கம் மாறலாம் எண்டு யோசிச்சுக்கொண்டிருக்கிறன். மே மாதமளவில வீட்டை விட வேண்டி வரும்போல கிடக்கு. உங்களுக்கு ஒரு பிரச்சினையும் இல்லைத்தானே? யோசிச்சுச் சொல்லுங்கோ."

சில வருடங்களுக்கு முன்னர், ஒரு ஏப்ரல் 6 ஆம் திகதி, வற்றாப்பளையில் நான் வாடகைக்கு இருந்த வீட்டின் உரிமையாளருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிய தகவல் இது. அவர் ரொறன்ரோவில் இருக்கிறார். வாடகையை வாங்குவது பக்கத்து வளவில் இருக்கும் அவருடைய சித்தி. மாத வாடகை 15,000 ரூபா. மூன்று மாத வாடகையான 45,000 ரூபாவை முற்பணமாகக் கொடுத்திருந்தேன். அண்ணையின் பதில் அன்று இரவே வந்தது: "சரி தங்கச்சி, ஆறுதலாப் பாப்பம்."

நான் அறிவித்துவிட்டேன் என்று நினைத்தேன். தங்கச்சி யோசிக்கிறாள், முடிவெடுத்தால் சொல்வாள் என்று அவர் நினைத்தார். மே 31 ஆம் திகதி சாமான்களை ஏற்றிவிட்டுத் திறப்பைச் சித்தியிடம் கொடுத்தபோது சித்தி திகைத்துப் போனார். அன்றிரவு ரொறன்ரோவிலிருந்து அழைப்பு வந்தது. முறையாக அறிவிக்கவில்லை, ஆகவே ஒரு மாத வாடகையைக் கழித்துக்கொண்டு 30,000 ரூபாதான் தருவேன் என்றார். கோபமாகச் சொல்லவில்லை. ஆனால் அவரிடம் இன்னொரு வருத்தமும் இருந்தது. வைகாசிப் பொங்கலுக்குக் கண்ணகி அம்மன் கோயிலுக்கு வரவென்று அவருடைய தங்கையின் குடும்பம் கனடாவிலிருந்து வருவதாக இருந்தது. நான் வீட்டில் இருக்கிறேன் என்று நினைத்து அவர்களை முள்ளியவளையில் ஒரு சொந்தக்காரர் வீட்டில் தங்கச் சொல்லியிருந்தார். வீடு வெறுமையாகக் கிடக்க, வீட்டுக்காரரின் உறவுகள் வேறு வீட்டில் பாய் விரித்தார்கள். எனக்கு 15,000 ரூபா நட்டம், அவருக்கும் ஒரு நட்டம். இரண்டுக்கும் காரணம் நான் அனுப்பிய நாலு வரிதான்.

அந்த நாலு வரியில் என்ன பிழை என்பதையும், அதற்குப் பதிலாக எதை எழுதியிருக்க வேண்டும் என்பதையும் இங்கே எழுதுகிறேன். வன்னியில் வாடகைக்கு இருப்பவர்களில் இடமாற்றத்தில் வரும் ஆசிரியர்களும் தாதியரும் அலுவலர்களும் இருக்கிறார்கள். சொந்தக் காணி இன்னும் கையில் கிடைக்காத குடும்பங்களும் இருக்கின்றன. வீட்டுக்காரர் பெரும்பாலும் தெரிந்தவராக, உறவினராக, அல்லது வெளிநாட்டில் இருக்கும் ஊரவராக இருப்பார். அதனால்தான் இந்தத் தகவலை எழுதும்போது கை தயங்குகிறது.

மரியாதை எங்கே இருக்க வேண்டும்?

என் தகவலைத் திரும்ப வாசித்துப் பாருங்கள். "மாறலாம்", "யோசிச்சுக்கொண்டிருக்கிறன்", "வேண்டி வரும்போல கிடக்கு", "மே மாதமளவில". நாலு வரியில் ஒரு இடத்தில்கூட "விடுகிறேன்" என்ற சொல் இல்லை. ஒரு திகதி இல்லை. கடைசியில் ஒரு கேள்வி இருக்கிறது. கேள்வியோடு முடியும் தகவலை யாரும் அறிவித்தலாக வாசிக்க மாட்டார்கள், அனுமதி கேட்பதாகத்தான் வாசிப்பார்கள். "ஆறுதலாப் பாப்பம்" என்ற அவருடைய பதில் என் கேள்விக்கு மிகப் பொருத்தமானது.

நான் அப்படி எழுதியது மரியாதைக்காக. எங்கள் பேச்சில் மூத்தவர் ஒருவரிடம் முடிவை முகத்துக்கு நேரே சொல்வது ஒருமாதிரியாக இருக்கும். அதனால் வினைச்சொல்லை இளக்கி விடுகிறோம். "போறன்" என்பதைப் "போகலாம் எண்டு இருக்கிறன்" ஆக்குகிறோம். நேரில் கதைக்கும்போது இதனால் குறை வராது. முகத்தையும் குரலையும் பார்த்து மற்றவர் புரிந்துகொள்வார். எழுத்தில் முகம் இல்லை. இளக்கிய வினை எழுத்தில் தீராத முடிவாகவே நிற்கும்.

மரியாதையைக் காட்டத் தமிழில் வேறு இடங்கள் இருக்கின்றன. அண்ணா, அக்கா, மாமி, ஐயா என்று விளிப்பது மரியாதை. வீட்டாரின் சுகம் கேட்பது மரியாதை. போதிய காலம் முன்னதாகச் சொல்வது பெரிய மரியாதை. வீட்டைத் துப்புரவாகத் தருவேன் என்பதும், இருந்த காலத்துக்கு நன்றி சொல்வதும் மரியாதை. இவற்றை எல்லாம் எவ்வளவு வேண்டுமானாலும் செய்யலாம். வினைச்சொல்லையும் திகதியையும் மட்டும் தொடக்கூடாது.

எழுதியிருக்க வேண்டிய தகவல்

அதே ஏப்ரல் 6 ஆம் திகதி, அதே அண்ணைக்கு, இன்று எழுதுவதென்றால் இப்படி எழுதுவேன்:

"வணக்கம் அண்ணா. நீங்களும் அக்காவும் பிள்ளைகளும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

வற்றாப்பளையில் நான் இருக்கும் உங்கள் வீட்டை இந்த வருடம் மே மாதம் 31 ஆம் திகதியுடன் விட்டுப் போகிறேன். வேலை வவுனியாவுக்கு மாறியிருக்கிறது.

ஏப்ரல் வாடகையைச் சித்தியிடம் கொடுத்துவிட்டேன். மே வாடகையையும் வழமைபோல முதல் வாரத்தில் கொடுப்பேன். மே 31 பின்னேரம் 4 மணிக்கு வீட்டைத் துப்புரவாக்கி, சித்தியுடன் சேர்ந்து மின் மீற்றரைப் பார்த்து, மூன்று திறப்புகளையும் அவரிடம் கொடுப்பேன். கடைசி மின்கட்டணத்தைக் கழித்து முற்பணம் 45,000 ரூபாவை எப்போது, எப்படித் தருவீர்கள் என்று சொல்லுங்கள்.

அதற்கு முன்னர் யாராவது வீட்டைப் பார்க்க வந்தால் காட்டித் தருகிறேன். இரண்டு வருடமும் உங்கள் வீட்டில் நிம்மதியாக இருந்தேன். மிகவும் நன்றி அண்ணா.

இந்தத் தகவல் கிடைத்தது என்று ஒரு வரி எழுதிவிடுங்கள்."

முதலாவது பத்தி சுகம் கேட்கிறது. ஆனால் அதை ஒரு வரியில் முடித்துக்கொள்கிறது. சுகம் விசாரிப்பதை மட்டும் முதலில் அனுப்பிவிட்டு, பதில் வந்ததும் விஷயத்தைச் சொல்லலாம் என்று காத்திருந்தால் கதை வேறு பக்கம் போய்விடும்.

இரண்டாவது பத்திதான் அறிவித்தல். எந்த வீடு, எந்தத் திகதி, என்ன செய்கிறேன் என்ற மூன்றும் ஒரே வசனத்தில் இருக்கின்றன. மற்ற எல்லா வரிகளும் அழிந்துபோனாலும் இந்த ஒரு வசனம் போதும். காரணம் அதற்குப் பின்னால், தனி வசனமாக, சுருக்கமாக வருகிறது. காரணத்தை முன்னால் வைத்தால் முடிவு அந்தக் காரணத்தில் தொங்கத் தொடங்கிவிடும். "வேலை மாறினபடியால்" என்று தொடங்கினால், "வேலையை இங்கேயே பாக்கேலாதோ?" என்று கேட்க இடம் கிடைக்கும். உண்மையில் காரணம் சொல்ல வேண்டிய கட்டாயம் குடியிருப்பவருக்கு இல்லை. எங்கள் ஊரில் ஒன்றும் சொல்லாமல் போனால் மனக்கசப்பு என்று நினைப்பார்கள், அதனால்தான் ஒரு வரி.

மூன்றாவது பத்தி பணமும் திறப்பும். இதில் உள்ள ஒவ்வொரு விடயமும் பின்னால் சண்டை வரக்கூடிய இடம். முற்பணத்தைக் கடைசி மாத வாடகையில் கழித்துக்கொள்ளுங்கள் என்று நாமாகவே தீர்மானிப்பது வழக்கமான பிழை. முற்பணம் என்பது வீட்டில் ஏதும் உடைந்திருந்தால், கட்டணம் ஏதும் நிலுவையில் இருந்தால் பிடித்துக்கொள்ள வைத்திருக்கும் காசு. அதை வாடகையாக்க வேண்டுமென்றால் வீட்டுக்காரர் சம்மதிக்க வேண்டும். மின்கட்டணம் பெரும்பாலும் வீட்டுக்காரரின் பெயரிலேயே வரும், கடைசிப் பட்டியல் நாம் போன பிறகுதான் வரும். ஆகவே போகும் நாளில் மீற்றர் இலக்கத்தைப் படம் எடுத்து அனுப்பிவிட்டால் யார் எவ்வளவு பாவித்தது என்ற பேச்சே எழாது.

அந்தத் தகவலில் இல்லாத ஒன்றையும் கவனியுங்கள். கூரை ஒழுகியது, கிணற்று மோட்டர் பழுது, பக்கத்து வீட்டு நாய் என்று எந்த முறைப்பாடும் இல்லை. முறைப்பாட்டையும் அறிவித்தலையும் ஒன்றாக அனுப்பினால், கூரையைத் திருத்தித் தந்தால் இருப்பாள் என்று வீட்டுக்காரர் விளங்கிக்கொள்வார். அதிலும் அவரைக் குறை சொல்ல முடியாது.

ஒரு மாதம் என்றால் எந்த மாதம்?

ரொறன்ரோ அண்ணையுடன் கதைக்கும்போது இன்னொன்றும் தெரிய வந்தது. "இஞ்ச ரெண்டு மாசத்துக்கு முன்னம் சொல்லோணும் தங்கச்சி" என்றார். அவர் சொன்னது பொய்யில்லை. ஒன்ராறியோ மாகாணத்தில் மாதவாடகைக்கு இருப்பவர் குறைந்தது 60 நாட்களுக்கு முன்னர் எழுத்தில் அறிவிக்க வேண்டும். அதற்கு என்9 என்று ஒரு படிவமே இருக்கிறது. வீட்டை விடும் திகதியும் வாடகை மாதத்தின் கடைசி நாளாக இருக்க வேண்டும். முப்பது வருடம் அங்கே வாழ்ந்த மனிதருக்கு அதுதான் ஒழுங்கு. ஆனால் வீடு இருப்பது வற்றாப்பளையில். வீடு இருக்கும் நாட்டின் சட்டம்தான் அந்த வாடகைக்குப் பொருந்தும்.

இலங்கையில் மாதத்துக்கு மாதம் ஓடும் வாடகையை முடிப்பதற்கு ஒரு முழு மாத அறிவித்தல் வேண்டும் என்பதே வழக்கில் உள்ள விதி. இது நாங்கள் ரோமன் டச்சுச் சட்டத்திலிருந்து பெற்றது. "ஒரு மாதம்" என்பதை 30 நாள் என்று எண்ணக்கூடாது. வாடகை மாதம் முதலாம் திகதி தொடங்கி மாதக் கடைசியில் முடிவதாக இருந்தால், அறிவித்தலும் ஒரு மாதக் கடைசியில்தான் முடிய வேண்டும். இடையில் ஒரு முழு வாடகை மாதம் ஓட வேண்டும்.

ஏப்ரல் 6 ஆம் திகதி சொன்னால் ஆகக் கிட்டிய திகதி மே 31. ஏப்ரல் 30 ஆம் திகதி சொன்னாலும் அதே மே 31 தான், ஏனெனில் மே மாதம் முழுதாகக் கிடைக்கிறது. ஆனால் மே 2 ஆம் திகதி சொன்னால் மே மாதம் ஏற்கனவே தொடங்கிவிட்டது, ஆகவே ஜூன் 30. இரண்டு நாள் தாமதம் ஒரு மாத வாடகையாகிவிடுகிறது. வாடகை மாதம் 15 ஆம் திகதி தொடங்குவதாக இருந்தால் இந்தக் கணக்கு முழுவதையும் 15 இலிருந்து எண்ண வேண்டும். எந்த நாளில் வாடகை கொடுக்கத் தொடங்கினோம் என்பதை முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

வெளிநாட்டில் உள்ளவருக்கு எழுதும்போது கடைசி நாள் வரை காத்திருக்காதீர்கள். எங்களுக்கு மே 1 ஆம் திகதி காலை 6 மணி என்றால் ரொறன்ரோவில் ஏப்ரல் 30 இரவு 8.30. "அடுத்த மாதக் கடைசி" என்று எழுதினால் எந்த மாதத்துக்கு அடுத்த மாதம் என்பதிலேயே குழப்பம் வரும். மாதத்தின் பெயரையும் திகதியையும் எழுதுங்கள்.

"நாங்கள் ஒரு வருட ஒப்பந்தம் எழுதியிருக்கிறோமே" என்று சிலர் கேட்கலாம். எங்கள் பக்கத்தில் இந்த ஒப்பந்தம் பெரும்பாலும் ஒரு தாளில் இரண்டு பேரும் கையெழுத்து வைத்ததாகத்தான் இருக்கும். 1840 ஆம் ஆண்டின் மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின்படி ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிசு முன்னிலையில் எழுதப்பட வேண்டும். அப்படி எழுதப்படாத தாள் ஒரு வருடக் குத்தகையாக நிற்காது. குடியேறி மாதாமாதம் வாடகை கொடுத்து வந்தால் அது மாத வாடகையாகவே கொள்ளப்படும். நொத்தாரிசு எழுதிய உறுதியாக இருந்தால் அதில் உள்ள காலமும் அறிவித்தல் விதியும்தான் உங்களைக் கட்டும். அந்தப் பக்கத்தை வாசிக்காமல் தகவல் அனுப்ப வேண்டாம்.

திகதியை எழுதிவிட்டால் அது உங்களையும் கட்டும். ஜூன் வரை இருக்கலாம் என்று பிறகு தோன்றினால் வீட்டுக்காரரின் சம்மதம் இல்லாமல் அதை மாற்ற முடியாது. அவர் அதற்கிடையில் வேறு ஆளுக்குச் சொல்லியிருக்கலாம். புது வீடு உறுதியாகும் முன்னர் "வீடு கிடைத்தால் மே கடைசியில் போவேன்" என்று அனுப்புவதும் வீண். நிபந்தனையோடு சொல்வது அறிவித்தல் ஆகாது.

யாருக்கு, எந்த வழியில்?

வாடகையை வாங்குபவர் சித்தி. வீடு அண்ணையுடையது. சித்தியிடம் மட்டும் சொன்னால் அது அண்ணைக்குப் போய்ச் சேர்ந்ததா என்பது சித்தியின் ஞாபகத்தைப் பொறுத்தது. அண்ணைக்கு மட்டும் அனுப்பினால், இரண்டு வருடம் வேலிக்கு மேலால் கறி தந்த மனிசிக்கு வெளிநாட்டிலிருந்து செய்தி போகும். அது அவருக்கு அவமதிப்பு. இரண்டு பேருக்கும் ஒரே நாளில் தெரிய வேண்டும். முதலில் சித்தியிடம் நேரில் போய்ச் சொல்லுங்கள். வீட்டுக்கு வந்ததும் அண்ணைக்குத் தகவலை அனுப்புங்கள். அதில் "சித்தியிடமும் இன்று சொல்லியிருக்கிறேன்" என்று ஒரு வரி சேர்த்துக்கொள்ளலாம்.

வாயால் சொல்வதும் அறிவித்தல்தான். பிறகு ஒருவர் இல்லை என்றால் அதைக் காட்ட வழியில்லை என்பதே சிக்கல். கைத்தொலைபேசித் தகவலைக் காட்டலாம். 2006 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல்கள் சட்டம், ஒரு விடயம் இலத்திரனியல் வடிவில் இருக்கிறது என்பதற்காக மட்டும் அதன் சட்ட வலுவை மறுக்க முடியாது என்கிறது. குரல் பதிவாக அனுப்பாதீர்கள். அதில் நாம் மறுபடியும் "போலாம் எண்டு இருக்கிறன்" என்று இழுக்கத் தொடங்கிவிடுவோம். எழுத்தில் அனுப்பி, அந்தத் திரையைப் படம் எடுத்து வேறு ஒரு இடத்தில் சேமித்து வையுங்கள். தொலைபேசி தொலைந்தாலும் அது இருக்கும்.

நீலக் கோடு விழுந்தால் வாசித்துவிட்டார் என்று பொருள். ஆனால் பலர் அந்த வசதியை நிறுத்தி வைத்திருப்பார்கள். அதனால்தான் "கிடைத்தது என்று ஒரு வரி எழுதிவிடுங்கள்" என்று கேட்கிறோம். இரண்டு மூன்று நாளில் பதில் இல்லையென்றால் கோபிக்காமல் அதே தகவலைத் திரும்ப அனுப்புங்கள். அதற்கும் பதில் இல்லையென்றால் அதையே கடிதமாக எழுதி இரண்டு பிரதி எடுங்கள். ஒன்றைச் சித்தியிடம் கொடுத்து மற்றதில் "பெற்றுக்கொண்டேன்" என்று கையெழுத்தும் திகதியும் வாங்குங்கள். வீட்டுக்காரர் நாட்டுக்குள்ளே இருந்தால் பதிவுத் தபாலில் அனுப்பிப் பற்றுச்சீட்டை வைத்திருங்கள். இதற்கெல்லாம் நேரம் வேண்டும். அதனால்தான் மாதக் கடைசிக்கு முன்னரே தொடங்க வேண்டும்.

பதில் வரும், ஆனால் இழுக்கும் பதிலாக வரலாம். "இன்னும் ரெண்டு மாசம் இருந்திட்டுப் போங்கோவன்." இது அன்பால் வருவது. "பாப்பம் அண்ணா" என்று எழுதினால் முதல் எழுதிய தகவல் அந்த இடத்திலேயே கரைந்துவிடும். "கேட்டதற்கு நன்றி அண்ணா. ஆனால் மே 31 தான் திகதி. அதில் மாற்றமில்லை" என்று எழுதினால் போதும். விளக்கம் நீளத் தேவையில்லை.

வீட்டுக்காரரின் பயம்

வெளிநாட்டில் இருக்கும் வன்னிக்காரருக்கு வீட்டைப் பற்றி ஒரு பயம் இருக்கிறது. அது காசைப் பற்றியதல்ல. யுத்தத்துக்குப் பிறகு ஊர் திரும்பியவர்களில் பலர் தங்கள் வீட்டில் வேறு குடும்பம் இருப்பதைக் கண்டார்கள். பத்து வருடம் எதிரிடையாக ஆண்டால் காணி ஆண்டவருக்கே என்னும் ஆட்சியுரிமைச் சட்டம் எல்லோருக்கும் தெரியும். யுத்தத்தால் தங்கள் காணியைக் கவனிக்க முடியாமல் போனவர்களுக்காக 2016 இல் 5 ஆம் இலக்கச் சட்டமாக ஒரு விசேட ஏற்பாடும் கொண்டுவரப்பட்டது. வாடகைக்கு இருப்பவர் உரிமையாளரின் அனுமதியோடு இருப்பவர், அவர் இருந்த வருடங்கள் ஆட்சியாக எண்ணப்படுவதில்லை. ஆனாலும் தூரத்தில் இருப்பவருக்குப் பயம் பயம்தான்.

ஆகவே உங்கள் தகவல் அவருக்கு ஒரு பத்திரம் போன்றது. இந்தத் திகதி வரை வாடகைக்கு இருந்தேன், இந்தத் திகதியில் திறப்பைத் தந்தேன் என்று நீங்களே எழுதிக் கொடுக்கிறீர்கள். திறப்புக் கொடுத்த அன்று, "மே 31, பின்னேரம் 4 மணி, மூன்று திறப்பும் சித்தியிடம், மீற்றர் இலக்கம் இவ்வளவு" என்று இரண்டாவது தகவல் ஒன்றைப் படத்தோடு அனுப்புங்கள். முற்பணம் திரும்பி வரும் வேகம் பெரும்பாலும் இந்த இரண்டாவது தகவலில்தான் தங்கியிருக்கிறது.

அதன் பிறகும் காசு வராவிட்டால் பொலிஸுக்கு ஓட வேண்டியதில்லை. இந்த அளவு தொகைக்கான பிணக்கை 1988 ஆம் ஆண்டின் சட்டப்படி அமைந்த மத்தியஸ்த சபையில் முறையிடலாம். அங்கே இரண்டு தரப்பும் உட்கார்ந்து கதைக்கும்போது மேசையில் வைக்க உங்களிடம் இருப்பது இந்த இரண்டு தகவலும் மீற்றர்ப் படமும்தான். நான் மத்தியஸ்த சபைக்குப் போகவில்லை. வைக்க என்னிடம் ஒன்றும் இருக்கவில்லை. "வேண்டி வரும்போல கிடக்கு" என்ற வரியைக் கொண்டுபோய் யாரிடம் காட்டுவது?

சொல்லாமல் விட்ட வீடு

2008 கடைசியில் கிளிநொச்சியிலிருந்து நாங்கள் வெளிக்கிட்டது ஒரு வாடகை வீட்டிலிருந்து. அப்பா கதவைப் பூட்டித் திறப்பைச் சட்டைப் பைக்குள் போட்டார். விசுவமடு, புதுக்குடியிருப்பு, பிறகு முகாம் என்று அந்தத் திறப்பு அவரோடு வந்தது. மீளக் குடியேறிய பிறகு அவர் செய்த முதல் வேலைகளில் ஒன்று அந்த வீட்டுக்காரரைத் தேடிப் போனது. வீட்டுக்குக் கூரை இல்லை, கதவும் இல்லை. அப்பா திறப்பைக் கொடுத்து, "விடுறம் எண்டு சொல்லாமப் போட்டம், குறை நினைக்காதேங்கோ" என்றாராம். வீட்டுக்காரர் அதை வாங்கி வைத்துக்கொண்டார்.

வற்றாப்பளைக்குப் பக்கத்தில் கேப்பாப்புலவு மக்கள் மெனிக் பாம் முகாம் மூடப்பட்ட 2012 செப்டெம்பரில் தங்கள் ஊருக்கு அல்ல, சீனியாமோட்டைக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். இந்தப் பக்கத்தில் ஒரு வீட்டை விடும் திகதியை நாமாகத் தீர்மானித்து, முன்கூட்டியே சொல்லி, திறப்பைக் கையில் கொடுத்துவிட்டுப் போவது எல்லோருக்கும் வாய்த்த காரியமல்ல. அப்பாவின் கதை தெரிந்தும் நான் அண்ணைக்கு "யோசிச்சுச் சொல்லுங்கோ" என்று எழுதினேன் என்பது எனக்கு இன்னமும் வெட்கம்தான்.

ஆசிரியையின் தகவல்

அடுத்த வருடம் அதே ஒழுங்கையில் வாடகைக்கு இருந்த ஆசிரியை ஒருவர் என்னை அழைத்தார். யாழ்ப்பாணத்துக்கு இடமாற்றம் கிடைத்திருக்கிறது, வீட்டுக்காரி முன்வீட்டு மாமி, தன்னைப் பிள்ளைபோலப் பார்த்தவர், எப்படி எழுதுவது என்று கேட்டார். முதலில் எழுத வேண்டாம், நேரில் போய்ச் சொல்லுங்கள், சொன்ன அன்றே எழுதுங்கள் என்றேன். முன்வீட்டில் இருப்பவருக்கு நேரில் சொல்லாமல் தகவல் மட்டும் அனுப்பினால் அது முகத்தை முறித்ததாகிவிடும். நேரில் மட்டும் சொன்னால் மாமி அழுவார், இவரும் "பாப்பம் மாமி" என்று சொல்லிவிட்டு வருவார்.

அவர் பின்னேரம் போய்த் தேநீர் குடித்துச் சொல்லிவிட்டு வந்தார். இரவு அனுப்பிய தகவல் இதுதான்: "மாமி, பின்னேரம் கதைத்தபடி நான் நவம்பர் 30 ஆம் திகதியுடன் வீட்டை விடுகிறேன். நவம்பர் வாடகையை 1 ஆம் திகதி தருவேன். 30 ஆம் திகதி காலை 10 மணிக்குத் திறப்பைக் கொண்டுவந்து தருகிறேன், நீங்களும் வந்து வீட்டைப் பாருங்கோ. முற்பணத்தை அன்றைக்குத் தந்தால் உதவியாக இருக்கும். இவ்வளவு காலமும் என்னைப் பார்த்துக்கொண்டதுக்கு என்ன சொல்லுறதெண்டு தெரியேல்லை. நன்றி மாமி."

மாமி எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பவர். அடுத்த நாள் காலை பேரப்பிள்ளையைக் கொண்டு பதில் அனுப்பினார்: "சரி பிள்ளை, 30 ஆம் திகதி. காசு எடுத்து வைக்கிறன். போகேக்க மாங்காய் ஊறுகாய் கொண்டு போ."